வகுப்பு ரெக்கார்டிங்கை நோட்ஸாக மாற்றுவது எப்படி: ஒரு பிசியாலஜி வகுப்பை வைத்து

கேள்வி: எம்.பி.பி.எஸ். முதல் ஆண்டு படிக்கிறேன். பிசியாலஜி வகுப்புகளை மேடத்தின் அனுமதியோடு போனில் ரெக்கார்ட் செய்து, ஆப்பில் போட்டு எழுத்தாக்கி வைத்திருக்கிறேன். முற்றுப்புள்ளிகூட இல்லாமல் பக்கம் பக்கமாக வருகிறது, வார்த்தைகளும் நிறைய தப்பு. இதைத் தலைப்பு, முக்கியச் சொற்களோடு படிக்கிற மாதிரி நோட்ஸாக எப்படி மாற்றுவது?

பதில்:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: வாக்கியங்களைத் திருத்துவதில் தொடங்காதீர்கள். பெரும்பாலும் எல்லாரும் முதலில் செய்வது அதுதான். 'சோ', 'ஓகே', 'சாரி' எல்லாவற்றையும் அழிப்பார்கள், முற்றுப்புள்ளி வைப்பார்கள், பத்தி பிரிப்பார்கள். பார்க்க அழகாகிவிடும். ஆனால் ஆப் தப்பாகக் கேட்ட வார்த்தைகள் அந்த அழகுக்குள் அப்படியே உட்கார்ந்துவிடும். கொச்சையாக இருக்கும்போது கண்ணை உறுத்திய தப்பு, நல்ல வாக்கியமாக மாறியதும் உண்மை மாதிரி தெரியும். பரீட்சைக்கு முந்தின நாள் அதைத்தான் மனப்பாடம் செய்வீர்கள்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: மேடம் உண்மையில் என்ன சொன்னார் என்பதை முதலில் உறுதி செய்வது, அடுத்து அது எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று பார்ப்பது, மொழியைச் சீராக்குவது கடைசியில். ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். சிறுநீரகத்தில் ரத்தம் வடிகட்டப்படுவது பற்றிய வகுப்பு உங்களுக்கு எப்படியும் வரும். தமிழும் ஆங்கிலமும் கலந்து நடக்கிற அந்த வகுப்பை ஆப் எழுத்தாக்கினால் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"[21:40] சரி சோ இப்ப குளோ மாருளஸ் உள்ள பிரஷர் எவ்ளோ சிக்ஸ்டி ஓகேவா சிக்ஸ்டி மில்லிமீட்டர் மெர்குரி இது வெளிய தள்ளுது இத எதிர்க்கறது யாரு வுமன்ஸ் கேப்சூல் பிரஷர் எய்ட்டி அப்புறம் கோல்டு ஆஸ்மாட்டிக் பிரஷர் தர்ட்டி டூ சோ நெட் டென் வெறும் டென் தான் பின்னாடி பேசாதீங்க இந்த டென்ல தான் ஒரு நாளைக்கு ஒன் எய்ட்டி லிட்டர் ஃபில்டர் ஆகுது [22:35] இப்ப அபரன்ட் சுருங்கினா என்ன ஆகும் ஜிஎஃப்ஆர் கூடும் சாரி சாரி குறையும் ரத்தமே உள்ள வரலையே அபரன்ட் சுருங்கினா கூடும் வெளிய போற வழி அடைச்சா உள்ள பிரஷர் ஏறும் இல்லையா ஆனா ரொம்ப சுருங்கினா குறையும் அது அப்புறம் சொல்றேன்"

இந்தச் சின்னத் துண்டிலேயே நான்கு வகைச் சிக்கல் இருக்கிறது. நான்கையும் ஒரே மாதிரி கையாளக் கூடாது.

முதல் வகை சுலபம். 'வுமன்ஸ் கேப்சூல்' என்பது போமன்ஸ் கேப்சூல். 'கோல்டு ஆஸ்மாட்டிக்' என்பது கொலாய்ட் ஆஸ்மாட்டிக். இவற்றுக்கு வேறு அர்த்தமே இருக்க முடியாது. வேலையைத் தொடங்கும் முன் புத்தகத்தில் அந்தப் பாடத்தின் உள்தலைப்புகளையும் தடித்த எழுத்தில் உள்ள சொற்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆப் அந்தச் சொல்லை எப்படியெல்லாம் எழுதியிருக்கிறது என்பதைப் படிக்கப் படிக்கப் பக்கத்தில் குறியுங்கள். அப்புறம் Ctrl+H போட்டு மொத்தமாக மாற்றிவிடலாம். அதே மேடத்தின் அடுத்த வகுப்புகளுக்கும் இந்தப் பட்டியல் உதவும், ஏனென்றால் ஒரே ஆளின் உச்சரிப்பை ஆப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தப்பாகக் கேட்கும்.

இரண்டாவது வகைதான் ஆபத்து. 22:35-இல் 'அபரன்ட்' இரண்டு முறை வருகிறது. ஒரு இடத்தில் சுருங்கினால் ஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு வடிக்கும் அளவு, குறையும் என்கிறார், அடுத்த மூச்சில் சுருங்கினால் கூடும் என்கிறார். மேடம் குழம்பவில்லை. அவர் சொன்னது இரண்டு வெவ்வேறு ரத்தக்குழாய்கள்: உள்ளே கொண்டுவரும் அஃபரென்ட், வெளியே எடுத்துப்போகும் எஃபரென்ட். ஆப் இரண்டையும் ஒரே சொல்லாக்கிவிட்டது. இங்கே Ctrl+H போட்டு எல்லாவற்றையும் 'அஃபரென்ட்' என்று மாற்றினால் பாதி நோட்ஸ் தலைகீழாகிவிடும். அதற்குப் பதிலாக எல்லா 'அபரன்ட்'டையும் 'அபரன்ட்??' என்று மாற்றுங்கள். படித்து வரும்போது ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கேள்விக்குறி உங்களை நிறுத்தும். நின்ற இடத்தில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அந்த விநாடிக்குப் போய்க் காதால் கேட்பது. VLC-யில் Shift-ஐயும் இடது அம்புக்குறியையும் சேர்த்து அழுத்தினால் 3 விநாடி பின்னால் போகும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, மேடம் கூடவே சொன்ன காரணம். 'ரத்தமே உள்ள வரலையே' என்றால் அது அஃபரென்ட். 'வெளிய போற வழி அடைச்சா' என்றால் எஃபரென்ட். சொல் தேய்ந்து கேட்டாலும் காரணம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும், அது ஒரு முழு வாக்கியம் என்பதால்.

பிசியாலஜியில் இப்படிப்பட்ட இரட்டைகள் இன்னும் உண்டு. ஹைப்போ, ஹைப்பர். இன்ட்ரா, இன்டர். ரீஅப்சார்ப்ஷனும் சும்மா அப்சார்ப்ஷனும். எந்தப் பாடமானாலும் வகுப்புக்கு முன்பே அதில் உள்ள எதிரெதிர் ஜோடிகளை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கூடவே தமிழ் எதிர்மறையையும் கவனியுங்கள். 'வரும்', 'வராது', 'இருக்கும்', 'இருக்காது' என்று நம் பேச்சில் மறுப்பு வினையின் கடைசியில்தான் வருகிறது. அங்கேதான் பேசுபவரின் குரலும் இறங்கும். 'இது வடியாது' என்பது 'இது வடியும்' என்று பதிவாகியிருந்தால் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு வாக்கியம் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களோடு ஒட்டவில்லை என்றால் முதலில் அதன் கடைசி அசையைக் கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, எண்கள். மேலே 'வுமன்ஸ் கேப்சூல் பிரஷர் எய்ட்டி' என்று இருக்கிறது. எய்ட்டீன் எய்ட்டி ஆவதும், ஃபிஃப்டீன் ஃபிஃப்டி ஆவதும் சகஜம். இதைக் கண்டுபிடிக்கக் காதுகூட வேண்டாம், கணக்கு போதும். 60-இலிருந்து 80-ஐயும் 32-ஐயும் கழித்தால் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது, அதாவது எதுவுமே வடியாது. 18 என்று வைத்தால் 60 − 18 − 32 = 10, மேடம் சொன்ன நெட் டென் சரியாக வருகிறது. அடுத்து 'ஒன் எய்ட்டி லிட்டர்' சரியா? வடிகட்டும் திறனுக்கான கெழு, ஒவ்வொரு மி.மீ. மெர்குரி அழுத்தத்துக்கும் நிமிடத்துக்கு ஏறத்தாழ 12.5 மி.லி. என்று பாடத்தில் இருக்கும். அதை 10-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 125 மி.லி. ஒரு நாளில் 1,440 நிமிடம், ஆக 1,80,000 மி.லி., அதாவது 180 லிட்டர். பொருந்துகிறது. ஒரு வகுப்பில் வரும் எண்கள் பெரும்பாலும் ஒன்றோடொன்று இப்படிக் கட்டுண்டவை. தனியாக நிற்கும் எண்ணை மட்டும் ஆடியோவில் கேட்டோ புத்தகத்தைப் பார்த்தோ உறுதி செய்தால் போதும்.

புத்தகத்தைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. வேறு சில பாடநூல்களில் இதே அழுத்தங்கள் 55, 15, 30 என்று இருக்கும். அங்கும் மீதி 10தான். அதைப் பார்த்துவிட்டு மேடத்தின் 18-ஐ மட்டும் 15 ஆக்கினால் கணக்கு உடைந்துவிடும். ஒரு தொகுதி எண்களை எடுத்தால் முழுத் தொகுதியையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள். மேடத்தினுடையதை முதன்மையாக வைத்து, மற்றதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, பேசும்போதே திருத்திக்கொள்வது. 'ஜிஎஃப்ஆர் கூடும் சாரி சாரி குறையும்' என்பதில் 'சாரி' வெறும் நிரப்புச் சொல் கிடையாது. அதுதான் முந்தைய சொல்லை ரத்து செய்கிறது. நிரப்புச் சொற்களை முதலில் அழிப்பவர் கையில் 'கூடும், குறையும்' என்று இரண்டும் நிற்கும், எது சரி என்று தெரியாது. அதனால் வேறு எதையும் அழிக்கும் முன் 'சாரி', 'இல்ல இல்ல', 'தப்பா சொல்லிட்டேன்', 'ஒரு நிமிஷம்' ஆகியவற்றை Ctrl+F-இல் தேடி, ரத்தான பகுதியை அடித்துவிடுங்கள். அதன் பிறகு 'சோ', 'ஓகே'களைத் தாராளமாக நீக்கலாம்.

இதே சுற்றில் தேட வேண்டிய இன்னொன்று 'அப்புறம் சொல்றேன்', 'பின்னாடி பாப்போம்'. இவை மேடம் பாக்கி வைத்தவை. எஃபரென்ட் ரொம்பச் சுருங்கினால் ஏன் குறையும் என்பதற்கான விடை இருபது நிமிடம் கழித்து வேறு பேச்சின் நடுவில் வரலாம், வராமலேயும் போகலாம். ஒரு தாளில் பாக்கிகளை நேரத்தோடு எழுதி, விடை கிடைத்ததும் அந்த நேரத்தையும் எதிரில் எழுதுங்கள். வகுப்பு முடியும்வரை விடை வராதவை நீங்கள் புத்தகத்தில் தேட வேண்டியவை.

எழுத்தில் கொஞ்சமும் இல்லாத ஒன்றும் உண்டு. 'இது இங்க வருது, இந்தப் பக்கம் இப்படிப் போகுது' என்று போர்டைக் காட்டிப் பேசிய இடங்கள். அவற்றை ஆடியோவும் காப்பாற்றாது. போர்டின் படம் உங்களிடமோ நண்பரிடமோ இருந்தால் அதைப் பக்கத்தில் வைத்து 'இது' என்பதற்குப் பதில் உறுப்பின் பெயரைப் போடுங்கள். படம் இல்லையென்றால் யூகித்து நிரப்பாமல் [?] போட்டு நேரத்தை எழுதுங்கள். மேடம் பேசாமல் படம் வரையும் இடங்களில் சில ஆப்கள் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதும், யாரும் சொல்லாத வாக்கியத்தைக்கூடப் போட்டுவிடும். ஒரே வரி அடுத்தடுத்து வந்தால் அங்கே ஆடியோவைக் கேட்டுவிட்டுத் தூக்கிவிடுங்கள்.

சரி, இப்போது தலைப்புகள். 'சரி', 'அடுத்து' வரும் இடமெல்லாம் புதுத் தலைப்பு என்று நினைக்க வேண்டாம், அவை நிமிடத்துக்கு ஒரு முறை வரும். ஒவ்வொரு பத்தியும் எந்தக் கேள்விக்குப் பதில் என்று ஓரத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டே வாருங்கள். கேள்வி மாறுகிற இடம்தான் எல்லை. வெவ்வேறு நேரத்தில் வந்த இரண்டு பத்திகள் ஒரே கேள்விக்குப் பதிலாக இருந்தால் அவற்றைச் சேர்த்துவிடுங்கள். பேச்சு போன வரிசையிலேயே நோட்ஸ் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உதாரணமாக, 38-ஆவது நிமிடத்தில் ஒரு மாணவர் எழுந்து, சிறுநீரகம் பாதித்தவர்களுக்கு ஏன் வலி மாத்திரை கொடுக்கக் கூடாது என்று கேட்கிறார் என்று வையுங்கள். மேடம் பதில் சொல்கிறார்: அஃபரென்ட் விரிந்திருக்கப் புராஸ்டாகிளாண்டின் உதவுகிறது, அந்த வகை வலி மாத்திரைகள் அது உருவாவதைத் தடுப்பதால் அஃபரென்ட் சுருங்கும், ஜிஎஃப்ஆர் இறங்கும். பேச்சில் இது கடைசியில் வந்தாலும் நோட்ஸில் அதன் இடம் அஃபரென்ட்டின் கீழ்தான். நேரக்குறிப்பை மட்டும் கூடவே எடுத்துப் போங்கள், திரும்பக் கேட்க வேண்டுமானால் அதுதான் வழி.

தலைப்பைக் கேள்வியாகவே எழுதுவது என் பழக்கம், உங்களுக்கும் அதையே சொல்வேன். 'அஃபரென்ட் ஆர்ட்டீரியோல்' என்ற தலைப்பின் கீழ் எதை வேண்டுமானாலும் கொட்டலாம். 'அஃபரென்ட் சுருங்கினால் ஜிஎஃப்ஆர் என்ன ஆகும்?' என்ற தலைப்பின் கீழ் சம்பந்தமில்லாதது வந்தால் உடனே தெரியும். திருப்புதலின்போது கீழே உள்ளதை மறைத்துவிட்டுத் தலைப்பை மட்டும் படித்து விடை சொல்லிப் பார்க்கவும் வசதி. ஒரு வகுப்புக்கு ஐந்தாறு தலைப்பு வந்தால் சரியாக இருக்கும். பதினைந்து வந்தால் நீங்கள் இன்னும் பேச்சின் வரிசையிலேயே போகிறீர்கள் என்று அர்த்தம்.

எஃபரென்ட் பாக்கிக்கான விடை 43:10-இல் வந்தது என்று வைத்துக்கொண்டால், மேலே உள்ள துண்டு கடைசியில் இப்படி ஆகும்:

குளோமருலஸில் ரத்தத்தை வடிக்கும் அழுத்தம் எவ்வளவு? [21:40]
வெளியே தள்ளுவது குளோமருலர் ஹைட்ரோஸ்டேட்டிக் பிரஷர், 60 மி.மீ. மெர்குரி. எதிர்ப்பவை இரண்டு: போமன்ஸ் கேப்சூலின் அழுத்தம் 18, கொலாய்ட் ஆஸ்மாட்டிக் பிரஷர் 32. நிகரம் 60 − 18 − 32 = 10. இந்த 10-ஐ வைத்துத்தான் நாளுக்கு 180 லிட்டர் வடிகிறது. [புத்தகம்: 12.5 × 10 = நிமிடத்துக்கு 125 மி.லி.]

அஃபரென்ட் சுருங்கினால் ஜிஎஃப்ஆர் என்ன ஆகும்? [22:35, 38:00]
குறையும், ரத்தமே உள்ளே வராததால். வலி மாத்திரை இங்கேதான் கெடுக்கிறது: புராஸ்டாகிளாண்டின் குறையும், அஃபரென்ட் சுருங்கும்.

எஃபரென்ட் சுருங்கினால்? [22:50, 43:10]
ஓரளவு சுருங்கினால் கூடும்: வெளியே போகிற வழி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும். மிக அதிகமாகச் சுருங்கினால் குறையும்: சிறுநீரகத்துக்குள் ரத்த ஓட்டமே குறைகிறது, தேங்கிய ரத்தத்தில் புரதம் அடர்ந்து கொலாய்ட் ஆஸ்மாட்டிக் பிரஷர் எகிறுகிறது.

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். 'வெளியே போகிற வழி அடைத்தால்' என்ற மேடத்தின் வார்த்தையை நான் மாற்றவில்லை. புத்தகத்தில் இருப்பதைத் திரும்ப எழுதுவதற்கு ரெக்கார்டிங் தேவையில்லை, அவர் தன் வாயால் சொன்ன விளக்கத்துக்குத்தான் தேவை. மொழியைச் சீராக்கும்போது இப்படிப்பட்ட வரிகளைப் பாடநூல் நடைக்கு மாற்றிவிடாதீர்கள். அடுத்தது, புத்தகத்திலிருந்து நான் சேர்த்ததைச் சதுர அடைப்புக்குள் வைத்திருக்கிறேன். எது வகுப்பில் வந்தது, எது நான் போட்டது என்று பிரித்து வைக்காவிட்டால், ஏதாவது முரணாகத் தெரியும்போது எங்கே போய்ச் சரிபார்ப்பது என்று தெரியாமல் போகும். மேடம் 'இது கண்டிப்பா வரும்' என்று சொன்ன இடங்களுக்கு அந்தந்த வரியிலேயே ஒரு நட்சத்திரம் போடுங்கள், தனிப் பட்டியல் வேண்டாம்.

முக்கியச் சொற்களை எல்லாம் முடிந்த பிறகு எடுங்கள். தடித்த எழுத்து போடுவது சுகமான வேலை என்பதால் கை தானாக எல்லாச் சொல்லுக்கும் போடும். அளவுகோல் ஒன்றுதான்: இந்தச் சொல் புரியாவிட்டால் வேறு எந்தத் தலைப்பு புரியாமல் போகும்? ஒன்றுமில்லை என்றால் அது பட்டியலுக்கு வேண்டாம். நெஃப்ரான் என்றால் என்ன என்று பள்ளியிலேயே படித்துவிட்டீர்கள், அதை எழுத வேண்டாம். இந்த வகுப்புக்கு ஜிஎஃப்ஆர், நிகர வடிகட்டும் அழுத்தம், கொலாய்ட் ஆஸ்மாட்டிக் பிரஷர், அஃபரென்ட், எஃபரென்ட், ஆஞ்சியோடென்சின் 2 போதும்.

ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி மாதிரி பொருள் மட்டும் எழுதினால் பயன் குறைவு. என்ன, இயல்பான அளவு எவ்வளவு, எது கூட்டும், எது குறைக்கும் என்று நான்கும் இருக்கட்டும். ஜிஎஃப்ஆர் என்றால்: இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு நிமிடத்தில் வடிக்கும் அளவு, சுமார் 125 மி.லி., எஃபரென்ட் மிதமாகச் சுருங்கினால் கூடும், அஃபரென்ட் சுருங்கினால் குறையும். ஆஞ்சியோடென்சின் 2 என்றால்: முக்கியமாக எஃபரென்ட்டைச் சுருக்குவது, ரத்த அழுத்தம் இறங்கும்போதும் ஜிஎஃப்ஆரைத் தாங்கிப் பிடிப்பது. இப்படி எழுதும்போது ஒரு சோதனையும் நடந்துவிடுகிறது. சொற்பட்டியலில் அஃபரென்ட் 'குறைக்கும்' பக்கம் இருந்து, நோட்ஸின் மற்றப் பகுதியில் எங்காவது 'கூடும்' என்று இருந்தால், தப்பிப் பிழைத்த ஒரு 'அபரன்ட்' அங்கே இருக்கிறது. நோட்ஸில் சொற்களை ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள், பரீட்சையில் அப்படித்தான் எழுதப்போகிறீர்கள். விளக்கம் தமிழில் இருந்தால் தவறே இல்லை.

ஒரு மணி நேர வகுப்புக்கு ஆரம்பத்தில் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். சொற்பட்டியல் சேரச் சேரக் குறையும். வகுப்பு நடந்த அன்றோ மறுநாளோ செய்தால் பாதி [?]-க்கு ஆடியோ இல்லாமலே நினைவிலிருந்து விடை கிடைக்கும். ஆப் கொடுத்த மூல எழுத்தை மட்டும் அழிக்காதீர்கள், நகல் எடுத்து அதில் வேலை செய்யுங்கள். மேடம் பேச்சுவாக்கில் ஒரு நோயாளியின் பெயரையோ ஊரையோ சொல்லியிருந்தால் நகலில் முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள், நோட்ஸ் எப்படியும் வகுப்பு வாட்ஸாப் குழுவுக்குப் போகும்.

கடைசியில் மிஞ்சும் [?]-களை ஒரே இடத்தில் நேரத்தோடு எழுதி, முதலில் நண்பர்கள் இரண்டு பேரிடம் காட்டுங்கள். ஒருவருக்குத் தெரியாதது இன்னொருவரின் கைநோட்டில் இருக்கும். அப்படியும் நிற்கிற மூன்று நான்கை மேடத்திடமே கொண்டுபோகலாம். 'புரியலை மேடம்' என்று பொதுவாகக் கேட்காமல், 'எஃபரென்ட் ரொம்பச் சுருங்கினால் குறையும்னு சொன்னீங்க, எந்த அளவுக்கு மேல மேடம்?' என்று கேட்டால் நின்று பதில் சொல்வார்.